வெளிநாட்டு பையருக்குப் பொங்கல் வாழ்த்தா? டிசம்பரிலேயே எழுதிவிடுங்கள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் இருக்கும் ஒரு பையரின் குழந்தைகள் டி-ஷர்ட், லெக்கின்ஸ் ஆர்டர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. 2024 பொங்கலுக்கு எனக்கு நேர்ந்ததை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் கம்பெனிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும், எனக்கு அந்த வருஷப் பொங்கலும் ஒரு மாத இன்சென்டிவும் மிஞ்சியிருக்கும். வெளிநாட்டு ஆட்களோடு மெயிலில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் வருஷம் ஒருமுறை இந்தச் சிக்கல் வருகிறது. நம் பண்டிகையை நாலு வரியில், ஒரு வாழ்த்துக்குள் வைத்து, நம்மைத் தெரியாத ஒருவருக்குப் புரியவைக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்க அன்றைக்கு எனக்கு ஆள் இல்லை. அதனால் நடந்ததை வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

அந்த ஆர்டர் 3,200 பீஸ். முன்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா வேலையை விட்டுப் போனதால் 2023 நவம்பரில் என் கைக்கு வந்தது. பையருக்கும் எங்களுக்கும் நடுவில் வட இந்தியாவில் இருந்து இயங்கும் ஒரு பையிங் ஏஜென்சி உண்டு. இந்தியா முழுமைக்கும் ஒரே விடுமுறைப் பட்டியல் தயாரித்து ஹாம்பர்க்குக்கு அனுப்பியது அவர்கள்தான். அதில் ஜனவரி மாதத்துக்கு இரண்டே வரி: 14 மகர சங்கராந்தி, 26 குடியரசு தினம். 2024 ஜனவரி 14 ஞாயிற்றுக்கிழமை. ஹாம்பர்க்கில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? பண்டிகை ஞாயிறன்று வருகிறது, ஒரு வேலை நாளும் போகாது. அதை வைத்து அவர் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனை 18ம் தேதி வியாழக்கிழமைக்குப் போட்டார். தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்கக் கடைசி நாள் 22. கிறிஸ்துமஸ், புத்தாண்டு லீவெல்லாம் முடிந்து அவர்கள் திரும்பி வந்து அந்த மெயிலை அனுப்பிய நாள் ஜனவரி 8.

திருப்பூரைத் தெரிந்தவர்களுக்கு அடுத்தது சொல்லாமலே புரியும். தமிழ்நாட்டில் அந்த வருஷம் பொங்கல் 15ம் தேதி திங்கள். மாட்டுப் பொங்கல் 16, காணும் பொங்கல் 17. ஊரே 12ம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து காலியாக ஆரம்பித்துவிடும். தேனி, திண்டுக்கல், மதுரை, தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள் பஸ் ஏறினால் 22ம் தேதிக்கு முன் பெரும்பாலும் திரும்ப மாட்டார்கள். முழு ஆள் சேர இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் சரக்கு மொத்தமும் தைத்து முடிந்து, குறைந்தது 80 சதவீதம் அட்டைப்பெட்டிக்குள் கட்டி இருக்க வேண்டும். 18ம் தேதி அது நடக்கிற காரியமே இல்லை.

உடனே பதில் போட்டேன், 13 முதல் 21 வரை பொங்கல் விடுமுறை, தேதியைத் தள்ளி வையுங்கள் என்று. எங்கள் பட்டியலில் 14 மட்டும்தானே இருக்கிறது, அது ஞாயிறு அல்லவா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகப் போன மெயிலில் எல்லாம் இருந்தது: போகி, சூரியன், இந்திரன், உத்தராயணம், மாடு, ஜல்லிக்கட்டு, கன்னிப் பொங்கல், நாலு நாளுக்கும் நாலு பத்தி, இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கிற மாதிரி. கீழே ஹெச்.ஆர் அனுப்பிய கரும்பும் பானையும் போட்ட போஸ்டர். மறுநாள் பதில் வந்தது: "சுவாரசியமான தகவலுக்கு நன்றி. இந்த நாலு நாளில் எந்த நாள் ஃபேக்டரி மூடியிருக்கும்?" அந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அத்தனை எழுதியும் அவருக்குத் தேவையானது அதில் இல்லை. அதைத் திரும்ப எழுதி, அவர் படித்து, அங்கே மேலே கேட்டு, ஏஜென்சியைக் கேட்டு, ஏஜென்சி "வட இந்தியத் தொழிலாளர்கள் இருக்கிறார்களே, ஃபேக்டரி ஓடும்" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. தேதி மாறவில்லை.

ஏஜென்சி சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. பீகார், ஒடிசா, ஜார்கண்ட் ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போவதில்லை. தையல் லைனில் பாதி ஓடியது. ஆனால் எங்களிடம் செக்கிங்கில் இருக்கும் அக்காக்கள், அயர்ன் மாஸ்டர், பேக்கிங் டீம் எல்லாம் தெற்கு மாவட்டம். தைத்த பீஸ் மலையாகக் குவிந்தது, பெட்டிக்குள் போக ஆள் இல்லை. நான் பொங்கலன்று காலையில் மட்டும் காங்கேயம் பக்கத்தில் எங்கள் ஊருக்குப் போய்விட்டு மத்தியானமே திரும்பினேன். வாசலில் அடுப்பு மூட்டி, பானையில் பால் ஊற்றிய நேரத்திலும் ஏஜென்சியிலிருந்து போன். "ஏங் கண்ணு, பொங்கப் பானைக்கு முன்னாடியுமா?" என்றார் அம்மா. பட்டிப் பொங்கலன்று வீட்டில் எல்லோரும் மாட்டுக்குக் கொம்பு சீவிக் கொண்டிருந்தபோது நான் ஃபேக்டரியில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது மாதிரி ஆளைத் தின்கிறது வேறில்லை.

18ம் தேதி இன்ஸ்பெக்டர் வந்தார், பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பெட்டியில் இருந்தது, சரக்கு தயாரில்லை என்று எழுதிவிட்டுப் போனார். மறு இன்ஸ்பெக்‌ஷன் 24ம் தேதி. கப்பல் போய்விட்டது. அதே நேரத்தில்தான் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் நடந்து, ஐரோப்பா போகிற சரக்குக் கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. ஏற்கனவே பத்து நாளுக்கு மேல் கூடுதல். அடுத்த கப்பலில் ஏற்றினால் அவர்களுடைய வசந்த காலச் சரக்கு கடைக்குப் போகிற நாள் தாண்டிவிடும். விமானத்தில் அனுப்புங்கள் என்றார்கள். தாமதம் சப்ளையர் பக்கம் என்று பதிவானதால் செலவு நம் தலையில். 560 கிலோ, கிலோவுக்கு 280 ரூபாய் வீதம் 1,56,800 ரூபாய். மறு இன்ஸ்பெக்‌ஷனுக்கு 15,000 தனி. அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்று மிஞ்சவில்லை. என் இன்சென்டிவ் 12,000 நிறுத்தப்பட்டது. முதலாளி திட்டவில்லை, "விடும்மா, அவுங்களுக்குப் பொங்கல்னா என்னன்னு யாரு சொன்னாங்க?" என்றார்.

அவர் சொன்னதை நான் விடவில்லை. பிப்ரவரியில் ஒரு வீடியோ கால் முடியும் நேரத்தில் ஹாம்பர்க் அம்மணியிடமே கேட்டேன், என் மெயிலில் எது புரியவில்லை என்று. தயங்கித் தயங்கிச் சொன்னார். பெயர்கள் அதிகம், முதல் பத்திக்கு மேல் மனதில் நிற்கவில்லை. அறுவடைத் திருநாள் என்று எழுதியிருந்தீர்கள், ஆனால் ஜனவரியில் என்ன அறுவடை? இங்கே வெளியே பனி கிடக்கிறது. அறுவடை என்றால் எங்களுக்குச் செப்டம்பர், அக்டோபர். அது மத நம்பிக்கை சார்ந்த ஏதோ பழைய சடங்கு, கோயிலுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் முடிகிற விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு ஏன் ஒரு ஊரே பத்து நாள் மூடுகிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

இதைக் கேட்ட பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. நம் பண்டிகையை நாம் உள்ளிருந்து சொல்கிறோம். போகியில் தொடங்கிக் காணும் பொங்கலில் முடிப்பது நமக்கு இயல்பு. படிக்கிறவருக்கு இரண்டே இரண்டு கேள்வி. ஏன் இப்போது? அன்றைக்கு நீ என்ன செய்வாய்? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் மற்றதெல்லாம் அவர் தானாகக் கேட்டுக்கொள்வார். இரண்டும் இல்லாமல் நாலாயிரம் வருஷத்துப் பெருமையை எழுதினாலும் நன்றி என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

"ஏன் இப்போது" என்பதற்கு விடை மழையில் இருக்கிறது. ஐரோப்பியர்களுக்கு இந்தியா என்றாலே ஜூன், ஜூலை மழைதான் தெரியும். தமிழ்நாட்டில் பெரும்பகுதிக்கு முக்கிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை. காவிரி டெல்டாவில் சம்பா நெல் அந்த மழையில் வளர்ந்து தை மாதத்தை ஒட்டி அறுவடைக்கு வருகிறது. கரும்பும் மஞ்சளும் அப்போதுதான். "எங்கள் ஊரில் மழை ஆண்டின் கடைசியில் பெய்கிறது, அதனால் நெல் ஜனவரியில் விளைகிறது" என்று ஒரே வாக்கியம். ஜனவரி அறுவடை அதற்குமேல் யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. இந்த வாக்கியத்தை விட்டுவிட்டு எழுதிய பொங்கல் விளக்கம் குளிர் நாட்டுக்காரருக்குப் போய்ச் சேராது என்பது என் அனுபவம்.

"நீ என்ன செய்வாய்" என்பதற்கு ஒரே ஒரு காட்சி போதும். வீட்டு வாசலில், வெட்டவெளியில், சூரியனைப் பார்த்து அடுப்பு வைத்து, புது அரிசியைப் பாலும் வெல்லமும் போட்டுப் பானையில் காய்ச்சுவோம், அது பொங்கி விளிம்பு தாண்டி வழியும்போது குடும்பமே சத்தம் போடும். ஜெர்மன்காரர்களுக்குப் பாலில் வேகவைத்த இனிப்பு அரிசி நன்றாகவே தெரியும், மில்ஷ்ரைஸ் என்று குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். அந்தப் பெயரைச் சேர்த்தால் சர்க்கரைப் பொங்கல் எந்த மாதிரி உணவு என்று உடனே பிடிபடும். வேறு நாட்டுக்காரர் என்றால் அவர் ஊரில் என்ன உண்டோ அதைச் சொல்லுங்கள். நம் ஆட்கள் எல்லோருக்கும் அமெரிக்க நன்றி தெரிவிக்கும் நாளை ஒப்பிட்டு எழுதுகிறார்கள். அமெரிக்கருக்கு அது சரி. ஜெர்மன்காரருக்கு அது அவர் கொண்டாடாத இன்னொரு நாட்டுப் பண்டிகை. அவர்களுக்கென்று அக்டோபர் தொடக்கத்தில் எர்ன்டெடாங்ஃபெஸ்ட் என்று அறுவடை நன்றித் திருநாள் இருக்கிறது. ஆனால் அது தேவாலயத்தில் நடப்பது, அதற்காக யாரும் வேலைக்கு ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போவதில்லை. அதனால் அதை மட்டும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்தினால் மறுபடியும் பண்டிகை ஒரு மணி நேரத்துக்குச் சுருங்கிவிடும். "நன்றி சொல்வதில் உங்கள் எர்ன்டெடாங்ஃபெஸ்ட் போல, ஊருக்குப் போவதில் உங்கள் கிறிஸ்துமஸ் போல" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கு அளவு புரிந்தது. கிறிஸ்துமஸுக்கு அவர் 22ம் தேதி கிளம்பி ஜனவரி முதல் வாரம் முடிந்து வருகிறார் அல்லவா, அந்த அளவு.

எப்போது அனுப்புவது என்பதில்தான் நான் மிகவும் தாமதமாகக் கண்டுகொண்ட விஷயம் இருக்கிறது. பொங்கலன்று அனுப்புகிற வாழ்த்து அன்பைச் சொல்லும், வேலைக்கு உதவாது. அவர்கள் ஜனவரி இன்ஸ்பெக்‌ஷன், கப்பல் தேதிகளை டிசம்பர் இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே ஒருவிதமாக முடிவு செய்துவிட்டு லீவில் போகிறார்கள். திரும்பி வரும்போது நமக்கு மிஞ்சுவது நாலைந்து வேலை நாள். ஆனால் டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு நல்ல வாசல் தானாகத் திறக்கிறது. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து நாம் அனுப்புகிற நேரம் அது. அந்த வாழ்த்துக்குள்ளேயே நம் பண்டிகையையும் வைத்துவிடலாம். அவர்கள் பண்டிகை மனநிலையில் இருப்பார்கள், ஊருக்குப் போகிற அவசரம் அவர்களுக்கே இருக்கும், நம் அவசரமும் புரியும்.

2024 டிசம்பரில் நான் அனுப்பியதை அப்படியே தமிழில் தருகிறேன், ஆங்கிலத்தில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது:

"உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஹாம்பர்க்கில் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள். எங்கள் முறை ஜனவரியில் வருகிறது. தமிழ்நாட்டில் மழை ஆண்டின் கடைசியில் பெய்வதால் நெல் ஜனவரியில் விளைகிறது. அதற்கு நன்றி சொல்லும் பண்டிகை பொங்கல், இந்த முறை ஜனவரி 14, செவ்வாய். அன்று காலை எங்கள் கிராமத்து வீட்டு வாசலில் புது அரிசியைப் பாலும் வெல்லமும் சேர்த்து, உங்கள் மில்ஷ்ரைஸ் போல, பானையில் காய்ச்சுவோம். அது பொங்கி வழிந்தால் வருஷம் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. மறுநாள் எங்கள் மாடுகளுக்கு நன்றி சொல்லும் நாள். எங்கள் ஃபேக்டரியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இதற்காக ஊருக்குப் போவார்கள், உங்கள் கிறிஸ்துமஸ் போலத்தான். ஜனவரி 11 முதல் 19 வரை மூடியிருப்போம். பானை பொங்கும்போது படம் அனுப்புகிறேன்."

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். போகி இல்லை, காணும் பொங்கல் இல்லை. எங்கள் கொங்குப் பக்கம் போகியன்று வீட்டு எரவானத்தில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டுவது எனக்குப் பண்டிகையிலேயே பிடித்த நேரம், அதுவும் இல்லை. மனசில்லாமல்தான் எடுத்தேன். ஒரு வாழ்த்து ஒரு பெயரைத்தான் தாங்கும் என்பது அந்த அம்மணியோடு பேசியதில் எனக்குக் கிடைத்த அளவு. பொங்கல் என்ற ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு பானை. இரண்டாவது நாளைப் பெயர் இல்லாமல் அது என்ன செய்கிற நாள் என்று மட்டும் சொன்னேன். ஒரு வாரம் மூடுவதற்கு அந்த ஒரு வரி காரணம் சொல்லிவிடுகிறது. மற்ற நாட்களை அவர் கேட்டால் சொல்லலாம், அவர் ஜனவரியில் கேட்டார், காப்புக் கட்டியதைப் படம் எடுத்து அனுப்பினேன்.

உத்தராயணத்தையும் வேண்டுமென்றேதான் எடுத்தேன். "சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாள்" என்று எழுதுவது நம் வழக்கம். வடக்கு ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு டிசம்பர் 21 அல்லது 22தான் மிகக் குறுகிய பகல் என்பது உடம்பிலேயே தெரியும், ஹாம்பர்க்கில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. ஜனவரி 14 எப்படி என்று கேட்பார்கள், அந்தப் பழைய நீளமான மெயிலைப் படித்த அவருடைய சக ஊழியர் ஒருவர் கேட்கவும் செய்தார். விஷயம் இதுதான்: நம் மாதக் கணக்கு நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்டது, சூரியன் மகர ராசிக்குள் நுழைவதைத் தை முதல் நாள் என்கிறோம். சுமார் 1,700 வருஷங்களுக்கு முன் மிகக் குறுகிய பகலும் தை முதல் நாளும் ஏறக்குறைய ஒரே நாளில் இருந்தன. பூமியின் அச்சு மிக மெதுவாகச் சுழன்று திசை மாறுவதால் இன்று இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. எனக்கு இதைத் தெரிந்துகொண்டதில் பெரிய சந்தோஷம். ஆனால் வாழ்த்துக்குள் இதற்கு இடமில்லை. "தை மாத முதல் நாள், சூரியனுக்கு நன்றி" என்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

தேதி ஏன் 14, 15 என்று மாறுகிறது என்பதற்கும் அந்த நட்சத்திரக் கணக்குதான் காரணம். 2024ல் சூரியன் மகரத்துக்குள் போனது 14ம் தேதி நள்ளிரவு தாண்டிய பிறகு, அதனால் இங்கே 15. 2025ல் 14 காலையிலேயே நுழைந்தது, அதனால் 14. 2026ல் மறுபடியும் 15, வியாழன். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் கணக்கு சற்று மாறும் என்பதால் நான் எதையும் கணக்குப் போடுவதில்லை, தமிழ்நாடு அரசு வெளியிடும் அடுத்த வருஷ விடுமுறைப் பட்டியலை மட்டும் பார்த்து எழுதுகிறேன். கம்ப்யூட்டர் காலண்டரில் இந்திய விடுமுறை என்று ஏறியிருக்கும் சங்கராந்தி தேதியை நம்பி யாருக்கும் சொல்லாதீர்கள். வாழ்த்தில் தேதியோடு கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். கிழமை இருந்தால் ஒரு நாள் பிசகும்போது படிக்கிறவரே கண்டுபிடித்துக் கேட்பார்.

இன்னும் இரண்டு கேள்விகள் வரும், தயாராக இருங்கள். ஒன்று, இது இந்து பண்டிகையா? என்னிடம் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் சூரியனைக் கும்பிட்டுத்தான் வைக்கிறோம். அதே நேரம் தமிழ்நாட்டில் பல கத்தோலிக்க தேவாலயங்களில் பொங்கல் வைக்கிறார்கள், மண்ணைச் சார்ந்த பண்டிகை என்று எல்லா மதத்திலும் கொண்டாடுகிறவர்கள் உண்டு. இந்த இரண்டையும் சொன்னால் போதும், ஒன்றை மறைத்து ஒன்றைச் சொன்னால் பிறகு படங்களைப் பார்த்துக் குழம்புவார்கள். இன்னொன்று ஜல்லிக்கட்டு. பொங்கல் என்று இணையத்தில் தேடியவுடன் காளைப் படம்தான் வரும், விலங்கு நலத்தில் அக்கறை உள்ளவர்கள் அதிலேயே நின்றுவிடுவார்கள். எனக்கு அதில் வலுவான கருத்து உண்டு, 2017ல் மெரினாவில் கூடியதைச் சின்னப் பெண்ணாக டிவியில் பார்த்து அழுதவள் நான். ஆனாலும் அதை நாலு வரி வாழ்த்துக்குள் நுழைக்க மாட்டேன். நேரம் ஒதுக்கிப் பேச வேண்டிய விஷயம் அது. மாட்டுக்கு நன்றி சொல்கிறோம் என்று நம் வீட்டுத் தொழுவத்தை முதலில் காட்டிவிட்டால், பிறகு அவர்கள் கேட்கிற கேள்வி வேறு தொனியில் வருகிறது.

எல்லோருக்கும் ஒரே வாழ்த்தை அனுப்பவும் முடியாது. ஜிப், பட்டன் அனுப்புகிற சீனத்து சப்ளையருக்கு நான் மழையைப் பற்றியோ நெல்லைப் பற்றியோ எழுதவில்லை. உங்கள் வசந்த விழாவுக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போவதுபோல எங்களுக்கு ஜனவரியில் என்று ஒரே வரி. அவர்களே ஆண்டுதோறும் பட்டுக்கொண்டிருப்பதால் உடனே புரிந்து, எந்தத் தேதிக்குள் சரக்கு வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்கள். விளக்கம் தேவைப்படாதவருக்கு விளக்கம் எழுதாமல் இருப்பதும் நல்லதுதான்.

பொங்கலன்று நான் அனுப்புவது இரண்டே வரியும் ஒரு படமும். ஹெச்.ஆர் போஸ்டரை அனுப்புவதே இல்லை. அதில் இருக்கும் பானையும் கரும்பும் யார் வீட்டிலும் இல்லாதவை, கம்பெனி லோகோ வேறு பெரிதாக இருக்கும், பார்க்கிறவருக்கு அது விளம்பரம். எங்கள் வாசல், அம்மாவின் கை, புகை, நுரை வழிகிற பானை, இது ஒன்றுதான். படத்தோடு எப்படிப் பதில் சொல்வது என்பதையும் எழுதிவிடுவேன். தெரியாத பண்டிகைக்கு என்ன சொல்வது என்று அவர்கள் உண்மையிலேயே தடுமாறுகிறார்கள், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பேசாமலே இருந்துவிடுகிறார்கள். "பானை பொங்கும்போது நாங்கள் பொங்கலோ பொங்கல் என்று கத்துவோம், நீங்களும் அதையே சொல்லலாம்" என்று எழுதினேன். 2025 ஜனவரி 14 மத்தியானம் அவர் தன் டீமோடு நின்று அதைச் சொல்லி, ஒரு குரல் பதிவு அனுப்பினார். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன், மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். போன வருஷம் அதே நாளில் ஃபேக்டரியில் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் ஜனவரி 9ம் தேதி நடந்தது. டிசம்பர் 18 அன்று அவரே எழுதிக் கேட்டார், ஊருக்கு எல்லோரும் போவதற்கு முன் முடித்துக்கொள்ளலாமா என்று. சரக்கு கப்பலிலேயே போனது.

வாழ்த்தால் ஆகாத ஒன்றும் இருக்கிறது, அதை வாழ்த்திலேயே முடித்துவிட முயலாதீர்கள். மூடியிருக்கும் நாட்களை அவர் மனதில் பதிய வைக்கும், அவ்வளவுதான். ஃபேக்டரி திறக்கிற நாளும், முழு ஆள் சேருகிற நாளும் வேறு வேறு. 20ம் தேதி கதவு திறந்தாலும் எங்களிடம் பேக்கிங் டீம் முழுதாக வந்தது 23ம் தேதி. அதை வாழ்த்து மெயிலில் எழுதினால் பண்டிகையோடு சேர்ந்து அதுவும் மறந்துபோகும். ஏஜென்சியையும் நகலில் வைத்து, தலைப்பிலேயே தேதி போட்டு, தனி மெயிலாக நான் இதை டிசம்பர் முதல் வாரம் அனுப்பிவிடுகிறேன்: கடைசி கட்டிங் நாள், மூடும் நாள், திறக்கும் நாள், முழு ஆள் சேரும் நாள், இதற்கு நடுவில் இன்ஸ்பெக்‌ஷன் போட வேண்டாம் என்ற வேண்டுகோள். அதில் பொங்கல் என்ற சொல் ஒருமுறைதான் வரும். அது போய் ஒரு வாரம் கழித்து, மேலே சொன்ன வாழ்த்து.